வளாகத் தேர்வுக்கு இரண்டாம் முறை எழுதிய கடிதம்

திருச்சியில் இயங்கும் ஒரு கணக்குச் சேவை நிறுவனத்தில் ஆள்சேர்ப்புப் பொறுப்பில் இருக்கிறேன். இங்கிலாந்தில் உள்ள சிறு வணிகர்களின் கொள்முதல் பட்டியல்களையும் வங்கிக் கணக்குகளையும் பதிவு செய்து சரிபார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். பி.காம். படித்த, கணக்கில் பிழை கண்டால் அதை விடாமல் தோண்டிப் பார்க்கிற பிள்ளைகள் எங்களுக்குத் தேவை. என் சொந்த ஊர் கண்டனூர்ப் பக்கம் என்பதால், காரைக்குடியைச் சுற்றியுள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர்களை எங்கள் நிறுவனத்துக்கு அழைத்து வருவதற்கான முன்மொழிவை ஒரு வேலைவாய்ப்பு அலுவலரிடம் எப்படி வைக்க வேண்டும் என்பது தெரியாமல், முதல் ஆண்டில் அதைக் கெடுத்தேன். இரண்டாம் ஆண்டில் அதே கல்லூரியில், அதே அலுவலரிடம் மீண்டும் போய் நின்றேன். இரண்டுக்கும் இடையில் மாறியது பெரும்பாலும் ஒரு பக்கத் தாள்தான்.

2023 பிப்ரவரியில் அந்தக் கல்லூரிக்கு நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலை இப்போது எடுத்துப் பார்த்தாலும் கூச்சமாக இருக்கிறது. எங்கள் நிறுவனம் எத்தனை நாடுகளுக்குச் சேவை செய்கிறது, எங்கள் பணிச்சூழல் எவ்வளவு இனிமையானது என்று மூன்று பத்தி இருந்தது. கடைசியில் ஒற்றை வரியில், ஆண்டுச் சம்பளம் சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, 2.2 லட்சம் என்றும், இறுதியாண்டு மாணவர்களுக்கு வளாகத் தேர்வு நடத்த விரும்புகிறோம் என்றும் எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டியும் வரவில்லை. பிறகு அந்தக் கல்லூரியில் பணியாற்றும் உறவினர் ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் முதல்வரிடம் சொல்லவைத்து, மார்ச் மாதம் ஒரு நாளை வாங்கினேன். குறுக்குவழியில் கிடைத்த நாள் என்பதால் அந்த நாள் எப்படிப்பட்டது என்று யாரையும் கேட்கவும் இல்லை.

அது மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசி பங்குனித் திருவிழா நடக்கும் காலம். பால்குடம் எடுக்கும் நாட்களில் காரைக்குடியில் பாதிச் சாலைகளில் நடக்கவே இடம் இருக்காது என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருச்சியில் உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்த்ததால் தோன்றவில்லை. எழுபது பேரை எதிர்பார்த்துப் போன இடத்தில் முப்பத்தொரு பேர் வந்தார்கள். மாலை நான்கரை மணிக்கு நேர்காணலை நடுவில் விட்டுவிட்டு ஏழு பெண்கள் எழுந்து போனார்கள், ஏனென்றால் புதுவயலுக்கும் பள்ளத்தூருக்கும் போகிற நகரப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். எஞ்சியவர்களில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தோம். ஜூன் மாதம் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஆகஸ்டு பிறப்பதற்குள் ஒருவர்தான் இருந்தார்.

அடுத்த பருவத்துக்கு மீண்டும் எழுதியபோது அலுவலர் அம்மையார் பதில் தரவில்லை. அதில் வியப்பு எதுவும் இல்லை. ஜூலை மாதம் ஒரு நாள் முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி கேட்டுக்கொண்டு நேரில் போனேன். பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளைப் போல அங்கும் வேலைவாய்ப்புப் பிரிவு என்பது தனி அலுவலகம் அன்று. வணிகவியல் துறைப் பேராசிரியர் ஒருவருக்கு அது கூடுதல் பொறுப்பு. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு, உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள் திருத்துதல், அவற்றுக்கு நடுவில் எங்களைப் போன்றவர்களின் மின்னஞ்சல்கள். அவர் கோபப்படவில்லை. "உங்களால் ஒன்பது பிள்ளைகள் மற்ற நிறுவனங்களின் தேர்வில் உட்கார முடியாமல் போனது, அது உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. அந்தக் கல்லூரியில் ஒரு மாணவருக்கு ஒரு பணி வாய்ப்புக் கடிதம் கிடைத்துவிட்டால் அவர் பெயரை அடுத்த நிறுவனத்தின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். எல்லோருக்கும் வாய்ப்புப் பரவ வேண்டும் என்பதற்காகப் பல கல்லூரிகள் வைத்திருக்கும் விதி அது. ஆகவே நான் பன்னிரண்டு பேருக்குக் கடிதம் கொடுத்து, அவர்களில் ஒன்பது பேர் சேர முடியாத நிலைமையை உண்டாக்கியபோது, அந்த ஒன்பது பேரும் இரண்டு பக்கமும் இழந்தார்கள். அந்தப் பெற்றோர்கள் என்னைத் தேடி வரவில்லை, அவரைத்தான் தேடி வந்தார்கள்.

அவர்கள் ஏன் சேரவில்லை என்று கேட்டேன். தம் மேசையிலிருந்து என் பழைய மின்னஞ்சலின் அச்சுப் பிரதியை எடுத்து, 2.2 லட்சம் என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். "கையில் எவ்வளவு வரும் சார்? இதை ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

அன்று அவர் முன்னிலையிலேயே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மாத மொத்தச் சம்பளம் 16,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 10,000. ஊழியரின் பங்காக வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 1,200 போகும். சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் ஈ.எஸ்.ஐ.க்கு மொத்தத்தில் 0.75 சதவீதம், அதாவது 120 போகும். கையில் வருவது 14,680. தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை தனியே பிடிக்கப்படும். மேற்கொண்டு நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதியும் அதன் காப்பீட்டு, நிர்வாகக் கட்டணங்களும் 1,300, ஈ.எஸ்.ஐ. 520, பணிக்கொடைக்காக ஒதுக்குவது 481. இவை அனைத்தையும் மொத்தச் சம்பளத்தோடு கூட்டிப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,19,612 வருகிறது. அதைத்தான் நாங்கள் 2.2 லட்சம் என்று எழுதினோம். எழுதியது பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்க்கிற மாணவர் அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 18,000-க்கு மேல் வரும் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார். அந்தப் பணிக்கொடை ஐந்தாண்டு பணிபுரிந்தால்தான் கைக்கு வரும் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. முதல் மாதச் சம்பளம் வங்கியில் விழும்போது மூவாயிரத்து அறுநூறு ரூபாய் குறைவதைப் பார்த்து, தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று வீடே நினைத்துக்கொள்கிறது.

கணக்கு அங்கே நிற்கவில்லை. எங்கள் வேலை நேரம் பிற்பகல் பன்னிரண்டரை முதல் இரவு ஒன்பதரை வரை. இங்கிலாந்து நேரத்துக்கு நாங்கள் ஒத்துப்போக வேண்டியிருப்பதால் இதை மாற்ற வழியில்லை. காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் வீட்டிலிருந்து போய் வரலாம் என்று நினைத்துத்தான் பலர் தேர்வில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பதரைக்கு வேலை முடித்து வீடு திரும்ப முடியாது என்பது பணிக்கடிதம் வந்த பிறகே அவர்களுக்குத் தெரிந்தது. விடுதியும் சாப்பாடும் சேர்த்து அப்போது மாதம் 6,500 ஆயிற்று. மீதி 8,180. அதே பிள்ளை காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதினால் ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டு வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடலாம். அந்தத் தகப்பனார் கேட்ட கேள்வியில் இருந்த கணக்கு இதுதான். நாங்கள் எல்லோரும் படித்தவர்கள், அவர் மட்டுமே சரியாகக் கணக்குப் போட்டிருந்தார்.

ஒரு காலத்தில் இந்த மண்ணிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைத்துத் தொழில் செய்ய, போன செட்டியார் வீடுகளில், கடையை நடத்தும் மேலாள் ஆனாலும் பெட்டியடிப் பையன் ஆனாலும் எத்தனை ஆண்டுக் கணக்கு, சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் சம்பளச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏற்றினார்கள் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் மின்னஞ்சல் அந்தச் சீட்டைவிடக் குறைவாகச் சொன்னது.

திருச்சிக்குத் திரும்பியதும் இயக்குநரிடம் இந்தக் கணக்கை வைத்தேன். நீண்ட பேச்சுக்குப் பிறகு, வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு முதல் ஆறு மாதம் விடுதிக் கட்டணத்தில் மாதம் 2,000 ரூபாயை நிறுவனமே நேரடியாக விடுதிக்குச் செலுத்துவது என்று முடிவானது. சம்பளத்தைக் கூட்ட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் புதிய கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

கடிதம் முதல்வருக்கு, வேலைவாய்ப்பு அலுவலரின் கவனத்துக்கு என்று முகவரியிட்டு, நிறுவன முத்திரைத் தாளில், கையொப்பத்தோடு போனது. இது வெறும் சடங்கு என்று முன்பு நினைத்திருந்தேன். முதல்வரின் அனுமதிக் குறிப்பு இல்லாமல் அலுவலரால் ஓர் அரங்கத்தைக்கூடத் திறக்கச் சொல்ல முடியாது. அந்தக் குறிப்பை வாங்குவதற்கு அவர் கையில் எடுத்துக்கொண்டு போவது நாம் அனுப்பும் தாள்தான். ஆகவே அது முதல்வருக்கு, துறைத் தலைவருக்கு, பெற்றோருக்கு, மாணவருக்கு என்று நான்கு பேர் படிப்பதற்காக எழுதப்பட வேண்டும். மின்னஞ்சலும் ஜிமெயிலில் இல்லாமல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து சென்றது.

கடிதத்தின் முதல் பத்தியில் நிறுவனத்தின் பதிவு எண், ஜி.எஸ்.டி. எண், வருங்கால வைப்பு நிதி நிறுவனக் குறியீடு மூன்றையும் எழுதினேன். இவற்றை அரசுத் தளங்களில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அலுவலர் இதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது: சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பெயர் தெரியாத அமைப்பு வளாகத் தேர்வு என்று வந்து, தேர்வானவர்களிடம் பயிற்சி முன்பணம் என்று தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு மறைந்துபோயிருக்கிறது. அதனால் மாணவரிடமிருந்து எந்தக் கட்டத்திலும் எந்தப் பெயரிலும் பணம் வாங்க மாட்டோம், அசல் சான்றிதழ்களை எங்களிடம் வைத்துக்கொள்ள மாட்டோம், பணி ஒப்பந்தப் பத்திரம் கிடையாது என்று மூன்று வாக்கியங்களைத் தனியே எழுதினேன். பத்திரம் இருக்கிற நிறுவனமாக இருந்தால் எத்தனை மாதம், இடையில் விலகினால் என்ன என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது. தேர்வு முடிந்த பிறகு அது வெளியே வந்தால் அந்தக் கல்லூரியின் கதவு மறுபடி திறக்காது.

இரண்டாவது பத்தியில் முன்பு சொன்ன சம்பளக் கணக்கு முழுவதையும் வைத்தேன்: மொத்தம், பிடித்தம், கையில் வருவது, விடுதிச் செலவு, நிறுவனம் தரும் பங்கு, அது எந்த மாதத்தோடு நிற்கும் என்பது. வேலை நேரம், வார விடுமுறை, இரவுப் பணிக்குப் பெண் ஊழியர்களிடம் எழுத்துப்பூர்வமான சம்மதம் பெறுகிறோம் என்பது, ஒன்பதரைக்குப் பிறகு விடுதி வாசல் வரை நிறுவன வாகனம் போகும் என்பது ஆகியவையும் அதில் இருந்தன. எங்கள் அலுவலகத்தில் ஒருவர், இவ்வளவையும் சொன்னால் யார் வருவார்கள் என்று கேட்டார். சொல்லாமல் இருந்தபோது பன்னிரண்டில் ஒருவர் நிலைத்தார் என்றேன்.

தகுதி வரையறையில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். முதல் ஆண்டில் வழக்கம்போல 60 சதவீதம், அரியர் கூடாது என்று போட்டிருந்தேன். ஐந்தாம் பருவம் தொடங்கும்போது அரியர் இல்லாதவர்களை மட்டும் எடுத்தால், முதலாண்டில் ஆங்கிலத் தாளில் தவறிவிட்டு அதைப் பிறகு எழுதப்போகிற, ஆனால் கணக்கியலில் தொண்ணூறு வாங்கிய பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வருகிறவர்கள் நிறைந்த ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் சிலர் அல்லர். அதனால், பணியில் சேரும் நாளில் அரியர் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது, கணக்கியல் தாள்களில் 60 சதவீதம் வேண்டும், மற்றவற்றில் தேர்ச்சி போதும் என்று மாற்றினேன். தேர்வுக்கு வரக்கூடியவர் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது என்று அலுவலர் பிறகு சொன்னார். மொத்தக் காலியிடங்கள் பன்னிரண்டுதான் என்பதையும், இறுதிப் பருவ முடிவு வந்த பிறகு ஜூன் மூன்றாம் வாரத்துக்கும் ஜூலை முதல் வாரத்துக்கும் இடையில் சேர வேண்டியிருக்கும் என்பதையும் எழுதினேன். ஒரு மாணவருக்கு ஒரு வாய்ப்பு என்ற விதி உள்ள இடத்தில், சேரும் தேதியைச் சொல்லாத கடிதம் மாணவரைக் கட்டிப்போடுகிற கயிறு.

கடைசிப் பத்தி மேற்படிப்பு பற்றியது. எம்.காம். அல்லது பி.எட். போவதாக உறுதியாக இருப்பவர்கள் தேர்வுக்கு வர வேண்டாம் என்று சொல்லும் விருப்பப் படிவம் ஒன்றை இணைத்து, அதில் பெற்றோர் கையொப்பத்துக்கும் இடம் விட்டிருந்தேன். இதை அலுவலர் ஏற்பாரா என்ற தயக்கம் எனக்கு இருந்தது, ஏனென்றால் தேர்வில் உட்காருபவர் எண்ணிக்கை குறையும். அவர் உடனே ஏற்றுக்கொண்டார். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அப்போதைய முறையில், ஐந்தாம் அளவுகோலில் வேலைக்குப் போன மாணவர்களைப் போலவே மேற்படிப்புக்குப் போனவர்களும் கல்லூரியின் கணக்கில் சேர்ந்தார்கள். வேலைக் கடிதம் வாங்கிவிட்டு மேற்படிப்புக்குப் போகிறவரால் கல்லூரிக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. இன்னொரு மாணவரின் இடம்தான் வீணாகிறது.

இவ்வளவும் எழுதிய பிறகும், அந்தக் கடிதத்தில் முதலில் நான் கேட்டது வளாகத் தேர்வு அன்று, இரண்டு நாள் பயிலரங்கு. முந்தைய ஆண்டு நடந்ததற்குப் பிறகு நேரடியாக ஆள் எடுக்க அனுமதி கேட்கிற நிலையில் நான் இல்லை. மேலும், எங்கள் வேலைக்குத் தேவையானதை அந்தப் பிள்ளைகள் பார்த்துவிட்டுத் தேர்வுக்கு வருவது இரு தரப்புக்கும் நல்லது என்றும் தோன்றியது. கட்டணம் இல்லை என்று எழுதியதும் அலுவலர் கேட்ட முதல் கேள்வி, முடிவில் ஏதாவது பயிற்சிப் படிப்பை விற்பீர்களா என்பதுதான். இலவசப் பயிலரங்கு என்று வந்து, கடைசி அரைமணி நேரத்தில் இருபதாயிரம் ரூபாய்ப் படிப்புக்குப் பதிவுப் படிவம் நீட்டியவர்களை அவர் பார்த்திருக்கிறார். விற்க எதுவும் இல்லை என்பதைக் கடிதத்தில் சேர்த்தேன்.

நாளைத் தீர்மானிக்கும் வேலையை இம்முறை அவரிடமே விட்டேன். உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், நான் முதல்வன் திட்டத்தின் கீழ் அந்தப் பருவத்துக்கு ஒதுக்கப்பட்ட வகுப்பு நேரங்கள், நவம்பரில் வரும் பல்கலைக்கழகத் தேர்வு ஆகியவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஆகஸ்டு கடைசி வாரம் பயிலரங்குக்கும் செப்டம்பர் மூன்றாம் வாரம் தேர்வுக்கும் கிடைத்தன. இரண்டும் பிற்பகல் மூன்றரைக்குள் முடிய வேண்டும் என்று அவர் சொன்னார், பேருந்துக்காக.

கணினி ஆய்வகத்தை முன்கூட்டியே ஒரு நாள் போய்ப் பார்த்தது நல்லதாயிற்று. அறுபது கணினிகள் என்று சொல்லப்பட்ட இடத்தில் நாற்பத்து மூன்று இயங்கின. அதனால் நாற்பது பேர் என்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டோம். எல்லாவற்றிலும் இருந்தது பழைய எக்செல் பதிப்பு. எங்கள் அலுவலகத்தில் நாள்தோறும் பயன்படுத்தும் XLOOKUP அதில் கிடையாது, அடித்தால் #NAME? என்றுதான் வரும். அதைத் தெரியாமல் போயிருந்தால் முதல் அரைமணி நேரத்திலேயே மானம் போயிருக்கும். கணக்குப் பதிவு மென்பொருளான டேலி உரிமம் இல்லாமல் கல்விப் பயன்முறையில் ஓடியது; அந்த முறையில் மாதத்தின் குறிப்பிட்ட சில நாட்களைத் தவிர வேறு தேதியில் பதிவு செய்ய முடியாது என்பதால், வங்கிப் பதிவுகளைத் தேதிவாரியாகக் காட்டும் என் பயிற்சிக்கு அது பயன்படவில்லை. ஆகவே டேலியை விட்டுவிட்டு, பயிலரங்கு முழுவதையும் ஒரே ஒரு பயிற்சியின் மேல் அமைத்தேன்.

ரொக்க ஏட்டுக்கும் வங்கி அறிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்பதைப் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியிலேயே படித்திருக்கிறார்கள். ஆனால் பாடநூலில் ஆறு அல்லது எட்டு வரிகள் இருக்கும். எது செலுத்தப்படாத காசோலை, எது வங்கிக் கட்டணம் என்று கேள்வியே சொல்லிவிடும். நான் கொடுத்தது ஒரு தாளில் ரொக்க ஏட்டின் அறுபது வரிகள், இன்னொரு தாளில் வங்கி அறிக்கையின் அறுபத்து நான்கு வரிகள். ரொக்க ஏட்டில் உள்ள ஒவ்வொரு காசோலை எண்ணுக்கும் வங்கித் தாளில் உள்ள தொகையை இழுத்து வர இந்த வாய்பாடு போதும்:

```
=VLOOKUP(A2,Bank!A:C,3,FALSE)
```

முதல் நாள் அதை எல்லோரும் செய்துவிட்டார்கள். ஒன்பது வரிகளில், தேடியது கிடைக்கவில்லை என்று பொருள்படும் #N/A வந்தது. அவை அத்தனையும் வங்கிக்குச் செலுத்தப்படாத காசோலைகள் என்று முப்பது பேருக்கு மேல் எழுதிவிட்டு எழுந்தார்கள். உண்மையில் ஐந்துதான் அப்படிப்பட்டவை. மற்ற நான்கில், காசோலை எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். வங்கித் தாளில் அந்த எண்ணைக் கண்ணால் தேடிப் பார்த்து, "இது இங்கே இருக்கிறதே சார், ஏன் வரவில்லை?" என்று கேட்டவர்கள் ஆறு பேர். அதில் ஒரு பெண்ணுக்கு எக்செல்லில் ஒரு கலத்தை எப்படி நகலெடுப்பது என்பதைக்கூட அன்று காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். எங்களுக்குத் தேவைப்பட்ட குணம் அந்தக் கேள்விதான். எந்தத் திறனறித் தேர்வும் அதை இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை. இரண்டாம் நாள், மிகுதியான இடைவெளிகளை நீக்கும் TRIM என்ற செயற்கூற்றைச் சொல்லிக்கொடுத்து, வங்கித் தாளில் மட்டும் இருந்த கட்டணங்களையும் வட்டியையும் கண்டுபிடிக்கச் சொன்னேன். அன்று எல்லோருமே கேள்வி கேட்டார்கள்.

முடிந்ததும் அலுவலருக்குத் தேவைப்பட்ட தாள்களை மூன்று நாளுக்குள் அனுப்பினேன்: கையொப்பமிட்ட வருகைப் பட்டியல், இடக் குறியீடு பதிந்த நான்கு புகைப்படங்கள், மாணவர் கருத்துப் படிவங்களின் சுருக்கம், இரண்டு பக்க அறிக்கை, சான்றிதழ்கள். திறன் மேம்பாட்டுச் செயல்பாடு என்று அவர் மதிப்பீட்டுக் கோப்பில் காட்ட வேண்டியவை இவை. பல நிறுவனங்கள் நன்றாகப் பயிற்சி நடத்திவிட்டு இவற்றை அனுப்ப மறந்துவிடுகின்றன. ஆறு மாதம் கழித்து அவர் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

செப்டம்பர்த் தேர்வு சுருக்கமாக முடிந்தது. விருப்பப் படிவம் பெற்றோர் கையொப்பத்தோடு கொடுத்தவர்கள் நாற்பத்தாறு பேர். காலையில் ஒன்றரை மணி நேர எழுத்துத் தேர்வு, அதில் பாதி, சரிக்கட்டும் பட்டியல் போன்ற ஒரு பயிற்சி. மதிய உணவுக்கு முன் முடிவைச் சொல்லி, இருபத்து நான்கு பேரை மட்டும் நேர்காணலுக்கு வைத்தோம். இரண்டு குழுக்களாகப் பிரிந்து நேர்காணல் செய்ததால் மூன்று இருபதுக்கு முடிந்தது. பேருந்துக்கு ஓடியவர் யாரும் இல்லை. காலியிடம் பன்னிரண்டு இருந்தும், பதினொரு பேரைத்தான் எடுத்தோம். பன்னிரண்டாவது பெயரில் எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. எண்ணிக்கைக்காக ஒருவரைச் சேர்த்து, பிறகு அவருக்குக் கடிதம் தராமல் இழுப்பதைவிட இது மேல் என்று அலுவலரிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

கடிதம் கொடுத்த பிறகு ஜூன் வரை ஒன்பது மாதம் இருந்தது. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் நழுவுகிறார்கள். ஜனவரியில், பொங்கல் கழிந்ததும், தேர்வானவர்களின் பெற்றோரில் வர முடிந்தவர்களை ஒரு சனிக்கிழமை அலுவலகத்துக்கு அழைத்து விடுதியையும் காட்டினோம். ஏழு வீடுகளிலிருந்து வந்தார்கள். கல்லலிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார் விடுதிச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி எங்கேயிருந்து வருது தம்பி?" என்று கேட்டார். அவர் மகள் இப்போதும் எங்களிடம் இருக்கிறார்.

பதினொரு பேரில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஒருவர் எம்.காம். போனார், ஒருவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று, ஒரு வீட்டில் இரவு நேர வேலைக்குக் கடைசியில் சம்மதிக்கவில்லை. இந்த மூன்றையும் முன்கூட்டித் தடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் பணி நியமனக் கடிதங்களின் நகல்களையும் ஜூலை முடிவதற்குள் அலுவலருக்கு அனுப்பினேன். நேர்காணல் வரை வந்து தேர்வாகாத பதின்மூன்று பேருக்கும் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று ஆளுக்கு இரண்டு வரி ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அவர் துறைத் தலைவரிடம் காட்டி, வணிகவியல் இரண்டாம் ஆண்டுக்கு எக்செல் பயிற்சியைச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஆகஸ்டில் அவரே தொலைபேசியில் அழைத்தார். பயிலரங்குக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டார். கணிதத் துறைப் பிள்ளைகள் பத்துப் பேரும் வரலாமா என்றும் கேட்டார். வரட்டும் என்றேன். ஆய்வகத்தில் இப்போது எத்தனை கணினிகள் இயங்குகின்றன என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். முப்பத்தெட்டு என்றார்.